அப்பாவைத் தாண்டாத மகன்: உயரம் ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது?

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த சித்தப்பா, கூடத்தில் மாட்டியிருக்கும் பழைய குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் என் மகனை நிறுத்தி மேலும் கீழும் பார்த்தார். “எங்கப்பாவைவிட அண்ணன் ஒசரம். அண்ணனைவிட நீ ஒசரம். இவன் மட்டும் ஏன்டா உன்னோடயே நின்னுட்டான்? இந்த ஊர்ல சாப்பாட்டுக்கு என்ன குறைச்சல்?”

அவர் சொன்னதில் பிழையில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்த தாத்தா 162 சென்டிமீட்டர். இங்கே பிறந்த அப்பா 168. நான் 173. தேசிய சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் என் மகனை அளந்தபோதும் அதே 173. குழந்தைகளின் வளர்ச்சி வரைபடங்களோடு புழங்கும் வேலை எனக்கு. அதனால் அன்றைக்குப் பலகாரத் தட்டோடு சித்தப்பாவுக்கு ஒரு கணக்கையும் நீட்டினேன்.

குழந்தை மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு அது. அப்பா, அம்மா இருவரின் உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பையன் என்றால் 13 சென்டிமீட்டரைச் சேர்க்க வேண்டும், பெண் என்றால் கழிக்க வேண்டும். வருவதில் பாதிதான் அந்தப் பிள்ளை எட்டக்கூடிய உயரம். அதற்கு மேலோ கீழோ எட்டு, எட்டரை சென்டிமீட்டர் வரை தள்ளிப்போவது சாதாரணம். என் மகனுக்குப் போட்டுப் பார்த்தோம். நான் 173, அவன் அம்மா 160. 13ஐச் சேர்த்தால் 346, பாதி 173. கணக்கு மில்லிமீட்டர் பிசகவில்லை. எனக்குப் போட்டால்? அப்பா 168, அம்மா 150. 13ஐச் சேர்த்தால் 331, பாதி 165.5. நானோ அதைவிட ஏழரை சென்டிமீட்டர் கூட.

ஒரு குடும்பத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஏழரையும் அந்த எட்டரைக்குள்தான் அடங்குகிறது. ஆனால் ஒரு நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகள் இந்தக் கணக்குக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தால், பெற்றோர் தங்களுடைய முழு உயரத்தை எட்டவில்லை என்று பொருள். பிள்ளைகள் கணக்கிலேயே வந்து நின்றால், அந்த விட்டுப்போன பாக்கி அடைபட்டுவிட்டது என்று பொருள். நான் கணக்கைத் தாண்டியதற்கு என் அம்மாவின் 150தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அவர் 1940களில் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய உடம்பு எட்டியிருக்கக்கூடிய உயரம் 150 அல்ல.

நெதர்லாந்தில் இந்தக் கணக்கு ஒரு காலத்தில் அப்படியே பயன்படவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை பிள்ளைகள் பெற்றோரைத் தாண்டிக்கொண்டே போனதால், அந்நாட்டு மருத்துவர்கள் விடையோடு இன்னொரு 4.5 சென்டிமீட்டரைக் கூட்டிக்கொண்டார்கள். உயரம் கூடுவது நின்றபின் அந்தக் கூட்டலுக்கு வேலை இல்லாமல் போகிறது. சில பணக்கார நாடுகளில் உயரம் ‘நின்றுவிட்டது’ என்று சொல்வது இதைத்தான்.

உயரம் எப்போது சேர்கிறது என்று பார்த்தால் மீதி சுலபமாகப் புரியும். பிறக்கும்போது குழந்தை சுமார் 50 சென்டிமீட்டர் நீளம். முதல் ஆண்டில் 25 சென்டிமீட்டர் வளர்கிறது, இரண்டாம் ஆண்டில் 12. பிறகு ஆண்டுக்கு ஐந்தாறு என்று மெதுவாகப் போய், பருவ வயதில் ஒருமுறை பாய்ந்து, எலும்பின் நுனிகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொண்டதும் நின்றுவிடுகிறது. தட்டு மூடியபின் எந்தப் பொடியும், எந்தத் தொங்கு பயிற்சியும் எலும்பை நீட்டாது.

சேதம் அதிகம் நடப்பது அந்த முதல் இரண்டு ஆண்டுகளிலும் அதற்கு முந்தைய கருப்பைக் காலத்திலும்தான். வேகமாக ஓடும் வண்டிக்கு எரிபொருள் அதிகம் வேண்டும் அல்லவா, அதேபோல. அந்த நேரத்தில் தாய்க்கு ஊட்டம் போதவில்லை, அல்லது குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதை உடம்பு நோயோடு போராடச் செலவழித்துவிடும், எலும்புக்கு மிஞ்சாது. பிறகு நன்றாகச் சாப்பிட்டாலும் இழந்ததில் கொஞ்சம்தான் திரும்பக் கிடைக்கும். ஒரு நாட்டின் உயரம் தலைமுறைகளாகக் கூடும்போது அதில் பெரும்பகுதி காலின் நீளத்தில் தெரிவதும், இரண்டு வயதுக்குள்ளேயே அந்த வித்தியாசம் வந்துவிடுவதும் இதனால்தான்.

“அப்ப ஒசரம்ங்கிறது பரம்பரை இல்லையா?” என்றார் சித்தப்பா. பரம்பரைதான். இங்கேதான் நிறையப் பேருக்குக் குழப்பம் வருகிறது.

எங்கள் புளோக் தாழ்வாரத்தில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. அதன் வேரிலிருந்து முளைத்த கன்று ஒன்றைக் கீழே சமூகத் தோட்டத்து மண்ணில் நட்டோம். தாய்ச்செடி இடுப்பளவு. தோட்டத்தில் இருப்பது என் தலைக்கு மேலே நிற்கிறது. இரண்டும் ஒரே பரம்பரை, மண் மட்டும் வேறு. அதே தோட்டத்து மண்ணில் இருக்கும் இரண்டு கறிவேப்பிலைகளில் ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தால், அங்கே மண்ணைக் குறை சொல்ல முடியாது. இனம்தான் காரணமாக இருக்கும்.

மனிதர்களிடமும் அப்படித்தான். நல்ல சாப்பாடும் தடுப்பூசியும் எல்லோருக்கும் கிடைக்கும் ஓர் ஊரில், ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்கு நடுவே உள்ள உயர வித்தியாசத்தில் சுமார் 80 விழுக்காடு மரபணுவால் வருகிறது. 54 லட்சம் பேரை வைத்து 2022இல் வெளியான ஆய்வு, உயரத்தோடு தொடர்புள்ள 12,000க்கும் மேற்பட்ட மரபணு மாறுபாடுகளைக் கண்டுபிடித்தது. ஆனால் என் தாத்தாவுக்கும் என் மகனுக்கும் உள்ள 11 சென்டிமீட்டரை அந்த 80 விழுக்காடு விளக்காது. மூன்று தலைமுறையில் ஒரு மக்களின் மரபணுக்கள் அவ்வளவு மாறுவதில்லை. மாறியது மண்.

குவாத்தமாலாவின் மாயா மக்களிடம் இது அப்பட்டமாகத் தெரிந்தது. உலகிலேயே உயரம் குறைந்த மக்களில் அவர்களும் உண்டு. ‘அது அவர்கள் இனத்தின் உயரம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பலர். உள்நாட்டுப் போருக்குத் தப்பி அமெரிக்காவுக்குப் போன மாயாக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பேரி போகின் என்ற மானுடவியலாளரும் அவரது குழுவினரும் 2000இல் அளந்தார்கள். குவாத்தமாலாவில் இருந்த அதே வயதுப் பிள்ளைகளைவிட அவர்கள் சராசரியாக 11 சென்டிமீட்டர் உயரம். அதில் பாதிக்கும் மேல் காலில் கூடியது. ஒரே தலைமுறையில் இவ்வளவு.

ஆக, ஒரு நாட்டின் சராசரி உயரம் கூடுகிறது என்றால் அந்த மக்கள் புதிதாக எதையோ பெற்று வளர்கிறார்கள் என்பதல்ல. அவர்களிடமிருந்து பறிபோய்க்கொண்டிருந்தது பறிபோவது குறைகிறது, அவ்வளவுதான். பறிபோக ஒன்றும் இல்லாதபோது கோடு நின்றுவிடும்.

நெதர்லாந்துக்காரர்களின் கோடு அப்படி நின்றது. அங்கே 1930இல் பிறந்த ஆண்களின் சராசரி 175.6 சென்டிமீட்டர். 1980இல் பிறந்தவர்கள் 183.9. ஐம்பது ஆண்டில் எட்டு சென்டிமீட்டருக்கும் மேல். அதற்கப்புறம் ஏறவில்லை. 2001இல் பிறந்த ஆண்கள் 182.9, அதாவது ஒரு சென்டிமீட்டர் குறைவு. பெண்களிடம் 1.4 குறைவு. 2021இல் அந்நாட்டுப் புள்ளியியல் துறை இதை வெளியிட்டபோது, உயரம் குறைந்த நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளால்தான் சராசரி இறங்கியது என்று பலரும் முடிவுகட்டினார்கள். அது ஓரளவு உண்மை. ஆனால் பெற்றோரும் நான்கு தாத்தா பாட்டிகளும் நெதர்லாந்திலேயே பிறந்த குடும்பங்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் ஆண்களின் உயரம் கூடவில்லை, பெண்களுடையது சற்றே குறைந்திருந்தது.

இப்படிப்பட்ட எண்களைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, எப்படி அளந்தார்கள் என்பதை. அந்த நெதர்லாந்துக் கணக்கில் ஏழு லட்சம் பேர் தங்கள் உயரத்தைத் தாங்களே சொன்னார்கள். ஆண்கள் சொல்லும் உயரத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ‘ஆசை’ கலந்திருக்கும், அது எங்கேயும் உள்ளதுதான். ஆனால் எல்லாத் தலைமுறையும் அதே அளவுக்கு ஆசைப்பட்டால் ஒப்பீடு பெரிதாகக் கெடாது. அடுத்து, பிறந்த ஆண்டை வைத்து ஒப்பிட்டார்களா என்று பார்க்க வேண்டும். இன்று எல்லா வயதினரையும் ஒன்றாக அளந்து சராசரி போட்டால், வயதானதால் முதுகெலும்பு சுருங்கிய பாட்டியும் அதில் வந்துவிடுவார். கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே மாறிப்போகும்.

நின்ற கோடு எல்லாமே உச்சியைத் தொட்டு நின்றதாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்கர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன் உலகின் மிக உயரமானவர்கள் வரிசையில் இருந்தார்கள். 1996இல் பிறந்த அமெரிக்க ஆண்கள் 37ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டார்கள், சராசரி 177 சென்டிமீட்டருக்கு அருகில். அவர்கள் குட்டையாகவில்லை. மற்றவர்கள் தாண்டிப் போக, இவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் அதே தேக்கம் இருக்கிறது. எனவே குடியேறியவர்கள் மேல் பழி போட முடியாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கிடைக்கும் மருத்துவ வசதியில் உள்ள ஏற்றத்தாழ்வு, சாப்பாட்டின் தரம் என்று ஆய்வாளர்கள் காரணம் தேடுகிறார்கள். சாப்பாட்டின் அளவில் குறைவே இல்லாத நாடு அது. சித்தப்பாவின் ‘சாப்பாட்டுக்கு என்ன குறைச்சல்’ கேள்வி அங்கே வேலைக்காகாது.

இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் இடங்களில் இதே கதை முந்தைய அத்தியாயத்தில் இருக்கிறது. 200 நாடுகளில் 1896 முதல் 1996 வரை பிறந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. அந்த நூறு ஆண்டுகளில் தென்கொரியப் பெண்கள் 20 சென்டிமீட்டர் கூடியிருந்தார்கள். உலகில் வேறு எந்த நாட்டுப் பெண்களும் அவ்வளவு கூடவில்லை. சீனாவின் 19 வயது இளைஞர்கள் 1985இல் உலக வரிசையில் 150ஆம் இடத்தில் இருந்தவர்கள், 2019இல் 65ஆம் இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அதே நூறு ஆண்டில் இந்திய ஆண்களுக்குக் கூடியது சுமார் 3 சென்டிமீட்டர், பெண்களுக்கு 5.

இந்த மெதுவான ஏற்றத்துக்கு ஒரு காரணம் தாயின் உடம்பு. குழந்தைப் பருவத்தில் வளர்ச்சி குன்றிய பெண், வளர்ந்தபின் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் சிறிய உடம்போடுதான் தாயாகிறாள். அந்த உடம்பில் வளரும் கருவும் எடை குறைவாகப் பிறக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குழந்தையின் ஓட்டம் தொடக்கத்திலேயே பின்தங்கிவிடுகிறது. வறுமை ஓர் ஆண்டில் ஒழிந்துபோனாலும் உயரத்தில் அது முழுதாக மறைய இரண்டு மூன்று தலைமுறை பிடிக்கும். இன்னொரு காரணம் கழிப்பறையும் குடிநீரும். தட்டில் சோறு இருந்தும் குடலில் கிருமி இருந்தால் பயனில்லை. இந்தியாவில் 2005-06இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 48 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். 2019-21இல் அது 35.5 ஆனது. தமிழ்நாட்டில் அப்போது நான்கில் ஒரு குழந்தை. இறங்குகிறது, ஆனால் அந்த நால்வரில் ஒருவர் வளர்ந்து ஆளாகும்வரை அந்தச் சுவடு கூடவே இருக்கும். என் தாத்தாவோடு பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊரில் இன்னும் அவரவர் பெற்றோரைத் தாண்டிக்கொண்டிருக்க, நாங்கள் இங்கே நின்றுவிட்டதற்கு விளக்கம் இதுதான். நாங்கள் ஒரு தலைமுறை முன்னால் ஏறத் தொடங்கினோம், முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே நாட்டில் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றால் ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே கல்வி அமைச்சு ஆண்டுதோறும் பள்ளி மாணவர்களை அளந்து எழுதி வைக்கிறது. யாரும் தன் உயரத்தைத் தானே சொல்வதில்லை.

போருக்கு முன்பே ஜப்பானியர் உயரம் கூடிக்கொண்டிருந்தது. போர் அதைப் பின்னுக்கு இழுத்தது. 1948இல் 17 வயதுப் பையன்களின் சராசரி 160.6 சென்டிமீட்டர். பிறகு பள்ளிகளில் மதிய உணவும் பாலும் வந்தன, காசநோயும் குடல் நோய்களும் குறைந்தன, குடும்பங்கள் சிறிதாயின. 1994இல் அந்தச் சராசரி 170.9. அன்றிலிருந்து இன்றுவரை 171க்குக் கீழேதான் கோடு நகர்கிறது. பெண்கள் 152 சென்டிமீட்டரிலிருந்து 158க்கு வந்து அங்கேயே நின்றார்கள்.

இப்போது 14 வயதுப் பையன்களைப் பாருங்கள். 1948இல் அவர்கள் சுமார் 146 சென்டிமீட்டர். இன்று சுமார் 165. அதாவது 19 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. ஆனால் 17 வயதில் கூடியது பத்து மட்டுமே. மீதி ஒன்பது எங்கே போனது?

எங்கும் போகவில்லை. இன்றைய பிள்ளைகள் சீக்கிரம் பருவமடைகிறார்கள், பாய்ச்சலைச் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள். 1948இன் பதினான்கு வயதுப் பையனுக்கு அந்தப் பாய்ச்சல் இன்னும் வரவேயில்லை, அவன் பதினேழு பதினெட்டுவரை, அதற்குப் பிறகும்கூட வளர்ந்துகொண்டிருந்தான். எனவே வளரும் வயதில் தெரியும் உயரத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன: எவ்வளவு உயரம் போகிறோம், எவ்வளவு சீக்கிரம் அங்கே போகிறோம். சீக்கிரம் போவதும் எப்போதும் லாபமில்லை. பருவமடையும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜென்தான், ஆணிலும் பெண்ணிலும், வளர்ச்சித் தட்டுகளை மூடவைக்கிறது. உடல் எடை அதிகமுள்ள குழந்தைகள், குறிப்பாகப் பெண் குழந்தைகள், பத்து வயதில் வகுப்பிலேயே உயரமாக இருந்து, பதினாறில் நடுவரிசைக்கு வந்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

சித்தப்பாவின் பேத்தி தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். பள்ளி வரிசையில் அவள்தான் கடைசி, அத்தனை உயரம். அதை அன்று மூன்று முறை சொன்னார். இந்த ஜப்பான் எண்களைக் கேட்டதும் கொஞ்சம் மௌனமாகி, முறுக்கை எடுத்துக்கொண்டார்.

ஜப்பானின் கதை அத்துடன் முடியவில்லை. அங்கே வளர்ந்தவர்களின் உயரம் உச்சத்தைத் தொட்டது 1978, 1979ஐ ஒட்டிப் பிறந்தவர்களிடம். ஆண்கள் 171.5, பெண்கள் 158.5. அதற்குப் பின் பிறந்தவர்களிடம் லேசான இறக்கம். மில்லிமீட்டர் கணக்குதான், ஆனால் தொடர்ந்து வருகிறது. எடை குறைவாக, அதாவது இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தைகளின் விகிதமும் அதே 1978-79இல்தான் மிகக் குறைவாக இருந்தது, 5.5 விழுக்காடு. பிறகு அது ஏறி ஒன்பதைத் தாண்டிவிட்டது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து போவதால் மட்டும் ஒன்றுக்கு மற்றது காரணம் என்றாகிவிடாது. ஆனால் கருப்பைக் காலம் உயரத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்று மேலே பார்த்ததோடு இது பொருந்துகிறது. ஜப்பானில் இளம்பெண்கள் ஒல்லியாக இருப்பதே அழகு என்ற எண்ணம் வலுவாக இருந்தது. கர்ப்ப காலத்தில் எடை கூடாமல் பார்த்துக்கொள்ளும்படி மருத்துவர்களும் பல ஆண்டுகள் கண்டிப்பாகச் சொல்லி வந்தார்கள். பணமும் உணவும் நிறைந்த நாட்டில், ஊட்டக் குறைவு வேறு ஒரு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது.

2021இல் அந்நாட்டு மகப்பேறு மருத்துவர் சங்கம் கர்ப்பிணிகள் கூட்டிக்கொள்ள வேண்டிய எடையின் அளவை உயர்த்தியது. அந்த அறிவுரையோடு வயிற்றில் வளர்ந்த முதல் குழந்தைகள் இப்போதுதான் பாலர் பள்ளிக்குப் போகிறார்கள். பதினேழு வயதில் அவர்களைச் சுவரோரம் நிறுத்தி அளக்கும்போது 2039 ஆகியிருக்கும்.